ஏபிஎஸ்டியில் ‘எஸ்’, கட்டிலில் காய்ச்சல்: படுவான்கரையிலிருந்து வந்த ஒரு கால் காயம்

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை வார்டில் நடந்தது இது. நோயாளியை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்து, கிருமி, கணக்கு ஆகியவற்றில் கை வைக்கவில்லை.

வயது 31, எடை 62 கிலோ. படுவான்கரையில் வேளாண்மை செய்பவர். உழவு நேரத்தில் லேண்ட்மாஸ்டரின் சுழலும் கத்தியில் வலது கால் சிக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தசையும் கிழிந்தது. காயம் முழுக்க வயல் சேறு. முதலில் பக்கத்துப் பிரதேச வைத்தியசாலை, பிறகு அம்புலன்சில் பெரிய வைத்தியசாலை. அன்றிரவே தியேட்டரில் காயத்தைக் கழுவி, செத்த தசையை வெட்டி, வெளியே கம்பி வைத்து எலும்பை நிறுத்தினார்கள். செஃபுரொக்சிம், மெட்ரோனிடசோல், அத்துடன் ஜென்டமைசின் 80 மி.கி. எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. நிறைய சேலைனும் இரண்டு பைன்ட் இரத்தமும் ஏறின.

நான்காம் நாள் காய்ச்சல் 39-ஐத் தாண்டியது. கட்டைப் பிரித்தபோது பஞ்சில் இலேசான பச்சை, கூடவே அந்த இனிப்பான வாடை. பச்சையையும் வாடையையும் சேர்த்துப் பார்த்தால் பழகியவர்கள் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க மாட்டார்கள். இரத்தமும் தசைத்துண்டும் கல்ச்சருக்குப் போயின. இரண்டிலும் வந்தது சூடோமோனாஸ் எருஜினோசா. செஃபுரொக்சிம் இதை ஒன்றும் செய்யாது. அதனால் ஐந்தாம் நாளே செஃப்டாசிடிம் 1 கிராம், எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஊசியாக ஆரம்பித்திருந்தார்கள். ஜென்டமைசின் பழையபடியே ஓடியது.

வயல் சேற்றில் பட்ட காயம், காய்ச்சல், கிராம் நெகட்டிவ் கிருமி என்றால் நம் பக்கத்தில் மண்ணிலும் சேற்றிலும் வாழும் ஒரு கிருமியால் வரும் மெலியோய்டோசிஸையும் நினைக்க வேண்டும். அந்தக் கிருமி பொதுவாக ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காது. இது இரண்டுக்கும் அடங்கியது, பச்சை நிறமியும் விட்டது. அந்தச் சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

ஏழாம் நாள், கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லும் ஏபிஎஸ்டி ரிப்போர்ட் வந்தது. செஃப்டாசிடிம் தட்டைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் விட்டம் 19 மி.மீ., பக்கத்தில் ‘எஸ்’, அதாவது அடங்கும். ஜென்டமைசினுக்கும் ‘எஸ்’. எட்டாம் நாள் ஹவுஸ் ஒஃபிசர் ஆய்வுகூடத்தில் இருந்த எனக்கு அழைத்தார்.

“ரெண்டுக்கும் எஸ் எண்டுதானே மேடம் வந்திருக்கு. பிறகு ஏன் காய்ச்சல் விடுதில்ல? மெரோபெனமுக்கு மாத்துவமா?”

அவர் கேட்டதில் தவறில்லை. வார்டில் எல்லோரும் ‘எஸ்’ என்பதை அப்படித்தான் வாசிக்கிறார்கள்: மருந்து சரி, கிருமி சாகும், வேறு காரணம் தேடு. ஆனால் அந்த எழுத்துக்குள் ஒரு டோஸ் ஒளிந்திருக்கிறது. சிஎல்எஸ்ஐ என்ற அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பின் அட்டவணையில் சூடோமோனாஸுக்கு எதிரே செஃப்டாசிடிமின் ‘எஸ்’ எல்லை, அதாவது கிருமியைத் தடுக்கத் தேவைப்படும் செறிவின் மேல்வரம்பு, 8 மி.கி./லீற்றர். அதே இடத்தில், இந்த எல்லை 1 கிராம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அல்லது 2 கிராம் எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்ற அளவுக்கு வகுக்கப்பட்டது என்று குறிப்பும் இருக்கிறது. நம் நோயாளிக்குப் போனது 1 கிராம் எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. அட்டவணை எதிர்பார்த்த நாளாந்த அளவில் ஒரு கணக்குப்படி முக்கால் பங்கு, இன்னொரு கணக்குப்படி பாதி. ரிப்போர்ட்டில் எழுத்து மட்டும் அச்சாகிறது, குறிப்பு அச்சாவதில்லை.

இதே எல்லைகளை ஐரோப்பாவில் வகுக்கும் யூகாஸ்ட் குழு இதைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தீர்த்தது. 2019-இல், அதுவரை இடைநிலை என்று இருந்த ‘ஐ’ என்ற எழுத்தின் பொருளையே மாற்றி, ‘மருந்து கூடுதலாகக் கிடைத்தால் பலிக்கும்’ என்று ஆக்கினார்கள். பிறகு சூடோமோனாஸ், செஃப்டாசிடிம் சோடிக்கு ‘எஸ்’ எல்லையை 0.001 என்று வைத்தார்கள். எந்தச் சூடோமோனாஸும் அவ்வளவு கீழே வராது. ஆகவே 8 வரை உள்ள எல்லாம் ‘ஐ’ என்றே வரும், வாசிப்பவர் டோஸைக் கூட்டியே ஆக வேண்டும். வேடிக்கையான எண்தான், ஆனாலும் எனக்கு அது பிடிக்கும். ‘எஸ்’ஸைப் பார்த்து நிம்மதியாவதற்கு அங்கே வழியே இல்லை.

19 மி.மீ. என்றால் எவ்வளவு?

19 மி.மீ. எல்லைக்கு மிகப் பக்கம். சிஎல்எஸ்ஐ தட்டு முறையில் 18-உம் அதற்கு மேலும் எல்லாம் ‘எஸ்’. 19-க்கும் 27-க்கும் ஒரே எழுத்துத்தான் கிடைக்கும். அதனால் எம்ஐசி பட்டி வைக்கச் சொன்னேன். மறுநாள் எண் வந்தது: செஃப்டாசிடிம் 8, ஜென்டமைசின் 2, அமிக்காசின் 4.

எம்ஐசி என்பது ஆய்வுகூடத்தில் கிருமி கண்ணுக்குத் தெரிய வளராமல் தடுக்கும் மிகக் குறைந்த மருந்துச் செறிவு. அந்தச் சோதனையில் மருந்து ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. நோயாளியின் இரத்தத்தில் அது எந்நேரமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த நிலையான எண்ணையும் இந்த ஏறி இறங்கும் கோட்டையும் எப்படி ஒப்பிடுவது என்பதுதான் எல்லை வகுப்பவர்களின் வேலை. எல்லா மருந்துக்கும் ஒரே மாதிரி ஒப்பிட முடியாது.

பெனிசிலின் குடும்பத்துக்கு, அதாவது செஃப்டாசிடிம், மெரோபெனம் போன்றவற்றுக்கு, எம்ஐசிக்கு மேலே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே கணக்கு. செறிவு எம்ஐசியைப்போல நாலைந்து மடங்கு ஆன பிறகு இன்னும் கூட்டினாலும் கிருமி அதைவிட வேகமாகச் சாவதில்லை. ஹாரி ஈகிள் பெனிசிலினை வைத்து 1950 வாக்கில் காட்டியதும், பிறகு வில்லியம் கிரெய்க் வெள்ளணு இல்லாத எலிகளின் தொடையில் கிருமியைச் செலுத்தி அளந்ததும் இதுதான். செஃப்டாசிடிம் அடங்கும் செஃபலோஸ்போரின்களுக்கு டோஸ் இடைவெளியில் 60 முதல் 70 சதவீத நேரம், பெனிசிலின்களுக்கு 50 அளவில், மெரோபெனம் வகைக்கு 40 அளவில் மேலே நின்றால் நன்றாகக் கொல்லும் என்பது அந்த எலிகள் தந்த இலக்கு. இதில் எண்ணுவது புரதத்தில் ஒட்டாமல் சுதந்திரமாக இருக்கும் மருந்தை மட்டும். செஃப்டாசிடிமில் ஒட்டுவது சுமார் பத்தில் ஒரு பங்குதான்.

இந்த உடலில் 1 கிராம்

ஹவுஸ் ஒஃபிசரோடு உட்கார்ந்து, நோயாளியின் வார்டுக் குறிப்பேடான பீஎச்டீயைப் புரட்டினேன். சிறுநீரகம் வடிகட்டி அகற்றும் கழிவான கிரியட்டினின் லீற்றருக்கு 52 மைக்ரோமோல். ஆய்வுகூடம் அதன் பக்கத்தில் ‘குறைவு’ என்று போட்டிருந்தது, யாரும் பொருட்படுத்தவில்லை. கிரியட்டினின் கூடினால் வார்டே பதறும். குறைந்தால் ‘நல்லதுதானே’ என்று பக்கத்தைத் திருப்பிவிடுவோம். காயம்பட்ட இளைஞரில் முதல் சில நாட்களில் இருதயம் வேகமாக இரத்தத்தைத் தள்ளும், நிறையச் சேலைனும் ஏறியிருக்கும், சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக வடிகட்டும். கொக்ரொஃப்ட் கோல்ட் சூத்திரத்தில் போட்டால் இவருக்கு நிமிடத்துக்கு 160 மில்லிலீற்றர். சூத்திரத்தை நம்பாமல் எட்டு மணித்தியாலச் சிறுநீரைச் சேர்த்தும் அளந்தோம், 150-க்கு மேல்தான் வந்தது. 130-ஐத் தாண்டினாலே மிகைவடிகட்டல் என்று எடுத்துக்கொள்வார்கள்.

செஃப்டாசிடிம் ஏறத்தாழ முழுவதும் சிறுநீரகத்தால் வெளியேறும் மருந்து. எனவே அதை உடல் அகற்றும் வேகம் மணித்தியாலத்துக்கு 9.6 லீற்றர் என்று வைத்தோம். வீக்கமும் சேலைனும் சேர்ந்த உடம்பில் அது பரவும் கொள்ளளவு 18 லீற்றர். அரைவாழ்வு 1.3 மணித்தியாலம் வருகிறது. சாதாரண ஆளில் இது 2 மணித்தியாலத்துக்குக் கிட்ட இருக்கும். செஃப்டாசிடிம் மட்டத்தை இரத்தத்தில் அளக்கும் வசதி இங்கே இல்லை, ஆகவே கீழே வரும் எண்கள் எல்லாம் மதிப்பீடுகள்.

1 கிராமைச் சட்டென்று ஏற்றினால் சுதந்திர மருந்து லீற்றருக்கு 50 மி.கி. வரை எழும்பும். 1.3 மணித்தியாலத்தில் 25, 2.6-இல் 12.5, 3.9-இல் 6 சொச்சம். எம்ஐசி கோடு 8-இல் இருக்கிறது. ஏறத்தாழ 3.4 மணித்தியாலத்தில் மருந்து கோட்டுக்குக் கீழே போய்விடுகிறது. எட்டு மணித்தியால இடைவெளியில் அது 43 சதவீதம். ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலத்துக்கும் மேல் இந்தச் சூடோமோனாஸ் சும்மா பெருகிக்கொண்டிருக்கலாம். செஃப்டாசிடிம் போன்ற மருந்துகள் கோட்டுக்குக் கீழே இறங்கியதும் இந்த வகைக் கிருமிகள் உடனேயே மறுபடி வளரத் தொடங்கும்.

ஹவுஸ் ஒஃபிசர் கைபேசியில் இதைத்தான் தட்டிப் பார்த்தார். C0 என்பது ஆரம்பச் செறிவு, MIC என்பது எம்ஐசி, k என்பது அகற்றும் வேகத்தைக் கொள்ளளவால் வகுத்த எண்:

```
T = ln(C0 / MIC) / k
ln(50 / 8) / 0.533 = 3.4
```

அடுத்ததாக அவர் எம்ஐசியை 2 என்று மாற்றிப் பார்த்தார். அதே மனிதர், அதே 1 கிராம், ஆறு மணித்தியாலம் மேலே நிற்கிறது, 75 சதவீதம். சூடோமோனாஸ்களில் பெரும்பாலானவற்றுக்குச் செஃப்டாசிடிம் எம்ஐசி 1-க்கும் 4-க்கும் இடையில்தான். அதனால்தான் இந்தக் குறைந்த டோஸ் வருடக்கணக்கில் வார்டுகளில் பிழைத்து வந்திருக்கிறது. கிருமி எல்லைக்குப் பக்கத்திலும், சிறுநீரகம் மிகை வேகத்திலும் ஒன்றாகச் சேரும்போதுதான் கால் இடறுகிறது.

“அப்ப 2 கிராமாக்கினா இரட்டிப்பு நேரம் நிக்கும்தானே?”

நிற்காது. மருந்து ஒவ்வொரு அரைவாழ்விலும் பாதியாகக் கரைவதால், டோஸை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது ஒரேயொரு அரைவாழ்வு. இவரில் அது 1.3 மணித்தியாலம். 100-இலிருந்து 50-க்கு இறங்கும் நேரம் மட்டும் கூடுகிறது. 3.4 என்பது 4.7 ஆகும், 43 சதவீதம் 59 ஆகும். இலக்கின் வாசலுக்கு வந்துவிட்டது, ஆனால் உள்ளே வரவில்லை.

அதே 2 கிராமை 100 மில்லிலீற்றர் சேலைனில் கலந்து நாலு மணித்தியாலத்துக்கு மெதுவாக ஓடவிட்டால் கதை மாறுகிறது. உச்சம் 100-க்குப் போகாது, 41 அளவில் நின்றுவிடும். ஆனால் மருந்து உள்ளே வந்துகொண்டே இருப்பதால், சுமார் இருபது நிமிடத்தில் 8-ஐத் தாண்டி, ஏழு மணித்தியாலம் வரை கீழே வராது. 84 சதவீதம். இன்னொன்றையும் போட்டுப் பார்த்தோம்: 1 கிராமை மட்டும் நாலு மணித்தியாலத்துக்கு விட்டால் 62 சதவீதம். அதாவது மெதுவாக விட்ட 1 கிராம், சட்டென்று ஏற்றிய 2 கிராமைவிடக் கொஞ்சம் நன்றாகவே நிற்கிறது. ஹவுஸ் ஒஃபிசர் இதை நம்பவில்லை. இரண்டு தரம் தட்டினார்.

ஆனாலும் நாங்கள் எடுத்தது 2 கிராம், நாலு மணித்தியாலம், எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. காரணம் எம்ஐசி சோதனையின் துல்லியம். ஒரே கிருமியை மறுபடி சோதித்தால் ஒரு படி மேலேயோ கீழேயோ வருவது சாதாரணம், 8 என்று வந்தது உண்மையில் 16 ஆக இருக்கலாம். 16 ஆனாலும் இந்த முறையில் 62 சதவீதம் கிடைக்கும். சட்டென்று ஏற்றிய 2 கிராமுக்கோ அங்கே 43தான்.

அந்த 43-ஐ மனதில் வைத்துக்கொண்டால், எல்லை ஏன் 16-இல் இல்லாமல் 8-இல் நிற்கிறது என்பதும் விளங்கும். எல்லை வகுப்பவர்கள் கணினியில் ஆயிரக்கணக்கான கற்பனை நோயாளிகளை உருவாக்குகிறார்கள். ஒவ்வொருவருக்கும் கொள்ளளவும் அகற்றும் வேகமும் வேறு வேறு. எல்லோருக்கும் ஒரே டோஸைக் கொடுத்து, எம்ஐசியை 1, 2, 4, 8, 16 என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இலக்கைத் தொடும் கடைசி எம்ஐசி எதுவோ, அது எல்லைக்கான வலுவான வேட்பாளர். பிறகு இயல்பான கிருமிகளின் எம்ஐசி பரவல், உண்மையான நோயாளிகளின் முடிவுகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எண்ணைத் தீர்மானிக்கிறார்கள். நம் ஆள் அந்தக் கற்பனைக் கூட்டத்தில் தவறிய பத்தாவது ஆள். டோஸும் குறைந்துபோனதால் இன்னும் தள்ளி நிற்கிறார்.

ஜென்டமைசினின் ‘எஸ்’

ஜென்டமைசினுக்கும் ‘எஸ்’ வந்ததே என்றால், அது பழைய அட்டவணையில் பார்த்த ‘எஸ்’. சூடோமோனாஸுக்கு ஜென்டமைசின் எல்லையைச் சிஎல்எஸ்ஐ 2023-இல் முழுவதுமாக எடுத்துவிட்டது. ஏன் எடுத்தார்கள் என்பது உச்சத்தின் கணக்கு.

ஜென்டமைசினும் அமிக்காசினும் அடங்கும் அமினோகிளைக்கோசைடுகள் வேறு மாதிரி வேலை செய்பவை. செறிவு கூடக்கூடக் கொலையும் கூடும். மருந்து இறங்கிய பிறகும் கிருமி சில மணித்தியாலம் தலைதூக்காது. ஆகவே எவ்வளவு நேரம் நின்றது என்பதைவிட எவ்வளவு உயரம் போனது என்பது முக்கியம், உச்சத்தை எம்ஐசியால் வகுத்தால் 8 முதல் 10 வர வேண்டும். 1987-இல் மூர், லீட்மன், ஸ்மித் மூவரும் நோயாளிகளின் தரவை வைத்து எழுதிய கட்டுரையில், இந்த விகிதம் ஏறும்போது குணமாகும் பங்கும் கூடவே ஏறியது.

நம் நோயாளியில் 80 மி.கி. 18 லீற்றரில் பரவினால் உச்சம் 4.4. எம்ஐசி 2. விகிதம் 2.2. எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு மூன்று தரம், மூன்று தரமும் 2.2. மூன்று குட்டி உச்சங்களைக் கூட்டி ஒரு பெரிய உச்சம் ஆக்க முடியாது. 240 மி.கி.யை ஒரே தரமாகக் கொடுத்திருந்தாலாவது 13 வரை போய் விகிதம் 6-ஐத் தாண்டியிருக்கும். இன்று பரிந்துரைக்கப்படும் கிலோவுக்கு 7 மி.கி. என்றால் 434 மி.கி., உச்சம் 24, விகிதம் 12. எம்ஐசி 4 ஆனால் அதே டோஸில் விகிதம் 6.

இந்தக் கடைசி இரண்டு எண்களில் முழு விஷயமும் இருக்கிறது. 7 மி.கி. டோஸ் 2 வரைதான் தாங்கும். ஈ. கோலை, கிளெப்சியெல்லா போன்றவற்றின் இயல்பான எம்ஐசி பெரும்பாலும் 1 அல்லது அதற்குக் கீழே இருப்பதால், அவற்றுக்கு எல்லையை 4-இலிருந்து 2-க்கு இறக்கினார்கள், பிரச்சினை இல்லை. சூடோமோனாஸிலோ எதிர்ப்பு மரபணு எதுவும் இல்லாத இயல்பான கிருமிக்கே 2, 4 என்று வருவது சாதாரணம். 2-இல் கோடு போட்டால் அது இயல்பான கூட்டத்தின் நடுவால் போகும். ஒரு படி சோதனைப் பிழையிலேயே ‘எஸ்’ என்பது அடங்காது என்று பொருள்படும் ‘ஆர்’ ஆகும், ‘ஆர்’ ‘எஸ்’ ஆகும். அப்படிப்பட்ட கோட்டால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. எனவே எல்லையையே எடுத்துவிட்டார்கள்.

எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்கும் பழக்கம் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பு என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். உண்மை எதிர்ப்பக்கம். சிறுநீரகக் குழாய்ச் செல்கள் இந்த மருந்தை உள்ளிழுக்கும் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. உச்சம் எவ்வளவு உயர்ந்தாலும் அந்த வரம்புக்கு மேல் இழுக்காது, இரத்தத்தில் மருந்து அடியோடு வடிந்த நேரம் அவற்றுக்கு ஓய்வு. சிறுசிறு டோஸாகக் கொடுக்கும்போது அந்த ஓய்வு குறைகிறது.

இங்கே ஜென்டமைசினை நிறுத்தினோம். அமிக்காசின் எம்ஐசி 4. கிலோவுக்கு 25 மி.கி. அளவில் 1500 மி.கி., அரை மணித்தியாலத்தில், நாளுக்கு ஒருதரம். உச்சம் 80-க்குக் கிட்ட, விகிதம் 20. இது தனியாக நம்பிக் கொடுத்த மருந்து அல்ல. சூடோமோனாஸுக்கு அமிக்காசினைச் சிஎல்எஸ்ஐ சிறுநீர்த் தொற்றுக்கு மட்டுமே ஒப்புக்கொள்கிறது, யூகாஸ்ட் மற்ற இடங்களில் வேறு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது. செஃப்டாசிடிம் சரியான வழியில் ஏறும்வரை துணைக்கு மூன்று நாள் என்று முன்கூட்டியே எழுதி வைத்தோம். தினமும் கிரியட்டினின், கூடவே காது இரைகிறதா, தலை சுற்றுகிறதா என்ற கேள்வி.

வார்டில் நாலு மணித்தியாலம்

காகிதத்தில் 84 சதவீதம் எழுதுவது சுலபம். வார்டில் இருந்த இரண்டு இன்ஃபியூஷன் பம்பும் வேறு நோயாளிகளுக்கு ஓடிக்கொண்டிருந்தன. பொறுப்பு மிஸ்ஸி சேலைன் செட்டைக் கையில் எடுத்துக் காட்டினார்.

“இந்த செட்டில நாலு மணித்தியாலத்துக்கு ஓட விட ஏலா மேடம். ஒண்டில் நிக்கும், இல்லாட்டி அரை மணித்தியாலத்தில ஓடி முடிஞ்சிடும்.”

அவர் சொன்னது சரி. 100 மில்லிலீற்றரை நாலு மணித்தியாலத்தில் விட்டால் மணித்தியாலத்துக்கு 25. மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் சாதாரண செட்டில் அது நிமிடத்துக்கு எட்டுத் துளி. நோயாளி கையை மடக்கினாலே கணக்குக் கெட்டுவிடும். பிள்ளைகள் வார்டில் இருக்கும் அளவுக்குடுவை வைத்த செட்டில் மில்லிலீற்றருக்கு 60 துளி, அப்படியென்றால் நிமிடத்துக்கு 25 துளி. அதை மணிக்கூடு பார்த்து எண்ணலாம். மிஸ்ஸியே பிள்ளைகள் வார்டில் கேட்டு வாங்கி வந்தார்.

இன்னொரு ஓட்டை குழாயில் இருந்தது. பை காலியானதும் கழற்றிவிடுவது வழக்கம், ஆனால் குழாய்க்குள் 15, 20 மில்லிலீற்றர் அப்படியே நிற்கும். 100 மில்லிலீற்றரில் அது ஆறில் ஒன்று, ஐந்தில் ஒன்று. 2 கிராம் எழுதி 1.6 கிராம் கொடுத்த கதைதான். ஊசியைச் சட்டென்று ஏற்றும்போது இந்தப் பிரச்சினை கிடையாது, அதனால் யாருக்கும் இது நினைவில் வராது. பை முடிந்ததும் அதே வேகத்தில் 20 மில்லிலீற்றர் வெறும் சேலைனை விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும் என்று பீஎச்டீயில் எழுதினோம்.

24 மணித்தியாலமும் இடைவிடாமல் விட்டால் இன்னும் நல்லதில்லையா என்று ஹவுஸ் ஒஃபிசர் கேட்டார். நாளுக்கு 6 கிராமை அப்படி விட்டால் 23 அளவில் ஒரே மட்டமாக நிற்கும், எம்ஐசியைப்போல மூன்று மடங்கு, நூறு சதவீதம். ஆனால் செஃப்டாசிடிம் கரைசல் சூட்டில் உடையும், உடையும்போது பிரிடின் என்ற வேண்டாத பொருளும் வரும். மின்விசிறி மட்டும் உள்ள மட்டக்களப்பு வார்டில் மத்தியானம் ஒரு பையை அப்படித் தொங்கவிட எனக்கு மனம் வராது. நாலு மணித்தியாலத்துக்குப் பயமில்லை, ஒவ்வொரு தரமும் புதிதாகக் கலந்தால் போதும். கலக்கும்போது குப்பிக்குள் வாயு நுரைத்து வரும். அதை வெளியேற்றிவிட்டுத்தான் மருந்தை இழுக்க வேண்டும், அவசரப்பட்டால் அளவு குறையும்.

முதல் டோஸை மட்டும் ஊசியாகவே சட்டென்று கொடுத்தோம், மட்டம் உடனே எழும்புவதற்காக. அடுத்த டோஸிலிருந்து மெதுவான ஓட்டம்.

அதன் பிறகு

மாற்றிய மறுநாள் காய்ச்சல் 38-க்கு இறங்கியது, மூன்றாம் நாள் விட்டது. மறுபடி எடுத்த இரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. ஆனால் மாற்றிய அன்றே சத்திரசிகிச்சை வைத்தியர் அவரை மறுபடி தியேட்டருக்கு எடுத்து, தசைக்கு அடியில் தேங்கியிருந்த சீழையும் ஒரு துண்டுச் செத்த எலும்பையும் அகற்றினார். காய்ச்சல் விட்டது கத்தியாலா, மருந்தாலா என்று பிரிக்க வழியில்லை. என்னைக் கேட்டால் கத்திக்கு அதிக பங்கு கொடுப்பேன். இரத்த ஓட்டம் இல்லாத எலும்புக்குள் எந்த எம்ஐசிக் கணக்கும் போகாது. மேலே போட்ட எண்கள் எல்லாம் இரத்தத்துக்குரியவை.

பெரிய ஆய்வுகளிலும் இந்த மங்கல் உண்டு. 2024-இல் வெளியான பிளிங் மூன்று ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 7000 பேருக்கு மேல் சேர்த்து, பிப்பரசிலின் டசோபக்டம் அல்லது மெரோபெனமைச் சிலருக்கு இடைவிடாமலும் சிலருக்கு விட்டு விட்டும் கொடுத்தார்கள். 90 நாள் இறப்பு 24.9 சதவீதம், 26.8 சதவீதம். வித்தியாசம் எதிர்பார்த்த பக்கம்தான், ஆனால் புள்ளிவிபரப்படி உறுதி என்று சொல்ல முடியாத அளவு. எம்ஐசி 1 ஆக இருக்கும் நோயாளிக்கு எப்படிக் கொடுத்தாலும் நேரம் போதும், ஆகவே எல்லோரையும் கலந்து பார்த்தால் பயன் நீர்த்துப்போவதில் ஆச்சரியமில்லை. எல்லைக்குப் பக்கத்துக் கிருமியும் வேகமான சிறுநீரகமும் சேர்ந்தவர்களில்தான் நான் இந்தக் கணக்கைப் போடுவேன்.

மெரோபெனமுக்கு மாற்றவில்லை. அதையும் அரை மணித்தியாலத்தில் ஏற்றினால் இதே சிறுநீரகம் இதே வேகத்தில்தான் வெளியேற்றும்.

அமிக்காசின் மூன்று டோஸோடு நின்றது. இரண்டாம் கிழமையில் கிரியட்டினின் 70-க்கு ஏறியது. அது சிறுநீரகம் கெட்டதாலா, மிகைவடிகட்டல் அடங்கி இயல்புக்குத் திரும்பியதாலா என்று பார்க்க வேண்டியிருந்தது. வீக்கம் வற்றியிருந்தது, சிறுநீர் நன்றாகப் போனது, எண் அதே 70-இல் நின்றது, ஆகவே இரண்டாவது என்று எடுத்துக்கொண்டோம். டோஸை மாற்றவில்லை. தொடர்ந்து ஏறியிருந்தால் குறைத்திருப்போம், ஏனென்றால் சிறுநீரகம் தளர்ந்தவரில் நாளுக்கு 6 கிராம் செஃப்டாசிடிம் தேங்கி, கை கால் துடிப்பு, குழப்பம், வலிப்பு என்று மூளையைத் தாக்கும்.

இப்போது எங்கள் ரிப்போர்ட்டில் சூடோமோனாஸுக்கு ஜென்டமைசின் வரியே இல்லை. செஃப்டாசிடிம் வரியில் ‘எஸ்’ வந்தால் அதன் கீழே கையால் ஒரு வரி எழுதுகிறோம், மென்பொருளில் அதற்கு இடம் இல்லை: “2 கிராம், எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்ற அளவுக்கு மட்டும். சிறுநீரகம் பார்த்து மாற்றவும்.” எம்ஐசி 8 என்றால் வார்டுக்குத் தொலைபேசியில் சொல்கிறோம்.